டயர், பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்கள்: கார் க்ளைமில் பாதித் தொகை எங்கே போகிறது?

வண்டி வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. பம்பர் உடைந்ததற்குப் பாதித் தொகைதான் தருவோம் என்கிறார்கள். புது வண்டிக்கு ஏது தேய்மானம்?

இந்தியாவில் விற்கப்படும் தனியார் கார் பேக்கேஜ் பாலிசியில், மாற்றப்படும் பாகங்களுக்குத் தேய்மானம் இரண்டு வெவ்வேறு வழிகளில் கணக்கிடப்படுகிறது. ஒன்று வண்டியின் வயதைப் பார்க்கும். மற்றொன்று பாகம் எந்தப் பொருளால் ஆனது என்பதை மட்டுமே பார்க்கும். உங்கள் பம்பர் இரண்டாவது வகையில் விழுந்துவிட்டது.

ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகிய அனைத்துக்கும் 50 சதவீதம் என்று ஒரே வீதம் வைக்கப்பட்டிருக்கிறது. வண்டி ஷோரூமிலிருந்து வெளியே வந்த மறுநாளே இடித்துக்கொண்டாலும் அதே 50 சதவீதம்தான். பத்தாம் ஆண்டில் இடித்துக்கொண்டாலும் அதேதான். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்கு எதுவும் பிடிப்பதில்லை. இவை போக மீதமுள்ள பாகங்களுக்கு, அதாவது பெரும்பாலும் உலோகப் பாகங்களுக்கு, வயதுப்படி வீதம் ஏறுகிறது: 6 மாதம் வரை எதுவும் இல்லை, 1 ஆண்டு வரை 5 சதவீதம், 2 ஆண்டு வரை 10, 3 ஆண்டு வரை 15, 4 ஆண்டு வரை 25, 5 ஆண்டு வரை 35, 10 ஆண்டு வரை 40, அதற்கு மேல் 50.

ஆகவே நான்கு மாத வண்டியில் பானெட் நசுங்கியிருந்தால் அதன் விலை முழுவதும் கிடைக்கும். அதற்குக் கீழே இருக்கும் பம்பருக்குப் பாதிதான் கிடைக்கும். இது சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் கறார்த்தனம் அல்ல. பாலிசி ஆவணத்தில் அச்சிடப்பட்டிருக்கும் விதி.

நான் பார்த்த அட்டவணையில் முதல் 6 மாதத்துக்கு 5 சதவீதம், 1 ஆண்டு வரை 15 சதவீதம் என்று இருந்ததே?

அது வேறு அட்டவணை. நீங்கள் பார்த்தது ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பை நிர்ணயிப்பதற்கானது. வண்டி மாடலின் அன்றைய விற்பனை விலையிலிருந்து 5, 15, 20, 30, 40, 50 என்று வயதுக்கேற்பக் கழித்து, முழு வண்டியும் போய்விட்டால் எவ்வளவு தருவது என்பதைப் பாலிசி தொடங்கும்போதே முடிவு செய்து வைக்கும் அட்டவணை அது. பகுதிச் சேதத்துக்கு வெட்டப்படும் தேய்மானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இணையத்தில் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கும் இடங்கள் ஏராளம் என்பதால், அட்டவணையின் தலைப்பை ஒருமுறை பார்த்துவிட்டு எண்களைப் படிப்பது நல்லது.

உலோகத்துக்கு மட்டும் படிப்படியாக, டயர், பேட்டரி, பிளாஸ்டிக்குக்கு மட்டும் ஒரே வெட்டாகப் பாதி என்று வைத்ததில் என்ன நியாயம்?

பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் பொருத்தப்படும்போது உரிமையாளரின் கையில் இருந்ததைவிட மதிப்புள்ள ஒன்று வந்துசேர்கிறது. அந்தக் கூடுதலைக் காப்பீட்டு நிறுவனம் சுமக்க வேண்டியதில்லை என்பதே தேய்மானத்தின் அடிப்படை. டயரும் பேட்டரியும் ஓட ஓடத் தேய்ந்து சில ஆண்டுகளில் மாற்றப்படுபவை. ஒவ்வொரு டயரின் தேய்வையும் அளந்து சண்டையிடுவதைவிடச் சராசரியாகப் பாதி என்று வைத்துக்கொள்வது எளிது. ஆகவே அவ்விரண்டுக்கும் இந்த வீதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

பிளாஸ்டிக்குக்கு அதே நியாயம் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வீதங்கள் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் எழுதப்பட்டவை. இன்று முன்பக்க பம்பர், கிரில், ஹெட்லைட், சக்கரத்தின் மேலுள்ள உள்மறைப்பு என்று காரின் முகம் முழுவதும் பிளாஸ்டிக்தான். ஒரு பம்பர் மோதலில் உடைவதைத் தவிர வண்டியின் ஆயுள் முழுக்க இருந்துவிடக்கூடியது. 2007 ஜனவரி முதல் சொந்தச் சேதக் காப்பீட்டின் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று ஆன பிறகும், இந்த 50 சதவீதம் பாலிசிகளில் அப்படியே தொடர்ந்து வந்தது.

சாலைப் பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. பாதி விலையாவது கிடைக்குமா?

டயர் மட்டும் கெட்டிருந்தால் எதுவும் கிடைக்காது. பாலிசியின் விலக்குகள் பகுதியில் இது தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது: டயருக்கும் டியூபுக்கும் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல, அதே நேரத்தில் வண்டியும் சேதமடைந்திருந்தால் மட்டும், மாற்றும் செலவில் 50 சதவீதம் வரை பொறுப்பேற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘அதே நேரத்தில்’ என்ற சொல். பள்ளத்தின் விளிம்பு டயரைக் கிழித்ததோடு ரிம்மையும் வளைத்திருந்தால், அல்லது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்திருந்தால், வண்டியின் வேறொரு பாகமும் அதே நிகழ்வில் சேதமடைந்துவிட்டது. ரிம் வண்டியின் பாகம்தான். அதற்கு 50 சதவீத வெட்டு கிடையாது, உலோகத்துக்கான வயதுப்படி வீதமே பொருந்தும். ஆனால் ரிம் வளைந்திருப்பதைக் கழற்றிய பிறகு வாயால் சொன்னால் எடுபடுவது கடினம். ஆகவே சக்கரம் வண்டியில் இருக்கும்போதே, கிழிந்த இடமும் ரிம்மில் விழுந்த நசுக்கலும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வைக்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால், ஒரே அடியில் வந்தவை என்பது பார்த்தவுடன் தெரியும். ரிம்மில் நசுக்கல் ஓரிடத்திலும் டயரின் கிழிசல் எதிர்ப்புறத்திலும் இருந்தால் சர்வேயர் சந்தேகப்படுவது இயல்பு.

இதில் இன்னொரு தவறும் சில மதிப்பீடுகளில் நேர்கிறது. விலக்குப் பகுதியில் 50 சதவீதம் என்றும், தேய்மானப் பகுதியில் 50 சதவீதம் என்றும் இரண்டு இடங்களில் இருப்பதால், முதலில் பாதியாக்கி, வந்ததை மறுபடி பாதியாக்கி, கால்பங்கு மட்டும் அனுமதித்துவிடுகிறார்கள். விலக்குப் பகுதி சொல்வது உச்சவரம்பு. தேய்மானப் பகுதி சொல்வது அந்த வரம்பை எட்டும் கணக்கு. இரண்டும் ஒரே பாதியைத்தான் குறிக்கின்றன. 5,000 ரூபாய் டயருக்கு 1,250 என்று மதிப்பீட்டில் பார்த்தால், இந்த இரட்டை வெட்டு நடந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

போன மாதம்தான் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன், பில் இருக்கிறது. அதைக் காட்டினால் வெட்டு குறையுமா?

குறையாது. டயருக்கான வீதம் வண்டியின் வயதையும் பார்ப்பதில்லை, டயரின் வயதையும் பார்ப்பதில்லை. ஆனாலும் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். சர்வேயர் இதைக் குறித்துக்கொள்வது தேய்மானத்துக்காக அல்ல. விபத்தில் கெட்ட டயரும் பில்லில் இருக்கும் டயரும் ஒன்றுதானா என்று சரிபார்க்க. டயர் பாதுகாப்பு என்ற தனிக் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் கதை வேறு. அதில் பெரும்பாலும் ட்ரெட் ஆழத்தை அளந்து, அந்த ஆழத்துக்கேற்பத் தொகை நிர்ணயிக்கப்படுகிறது. அங்கே டயர் புதிது என்பதற்குப் பலன் உண்டு.

சேதமடைந்த டயருக்குத்தான் பணம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் கிழிந்ததால் வலப்பக்கத்தையும் ஜோடியாக மாற்றுவது ஓட்டத்துக்கு நல்லதுதான். ஆனால் வலப்பக்க டயரின் விலை முழுவதும் உங்களுடையது.

மோதலுக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அதற்குப் பாதி வருமா?

பேட்டரி எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. மோதலில் பெட்டி விரிசல் விட்டு அமிலம் கசிந்திருந்தாலோ, முனை உடைந்திருந்தாலோ, அது விபத்துச் சேதம். பாதி விலை அனுமதிக்கப்படும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் நின்றதால் சார்ஜ் இறங்கிப்போன பேட்டரிக்கு எதுவும் வராது. ஏற்கெனவே ஆயுள் முடியும் நிலையில் இருந்த பேட்டரிக்கும் வராது. தேய்வு, மின்கோளாறு ஆகிய இரண்டும் பாலிசியின் விலக்குகளில் இருக்கின்றன.

பல கார்களில் பேட்டரி, இடப்பக்க ஹெட்லைட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் மோதிய வண்டியில் பேட்டரித் தட்டு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறதா, பெட்டியின் முன்முகத்தில் வெள்ளை நிறமாகக் கீறல் தெரிகிறதா, தட்டில் ஈரமோ அரிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே, பேட்டரி தானாகச் சாகவில்லை என்று காட்டிவிடலாம். இவை எதுவும் இல்லாமல் வோல்டேஜ் மட்டும் குறைவாக இருந்தால், மோதலின் மேல் பழி போடுவது கடினம்.

மின்சாரக் காரில் பேட்டரிதான் விலையில் பெரும்பங்கு. அதற்கும் இதே பாதியா?

விதி எழுதப்பட்டபோது மனத்தில் இருந்தது 12 வோல்ட் பேட்டரி. ஆனால் அதில் ‘பேட்டரிகள்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரித் தொகுதியை அது வேறுபடுத்தவில்லை. எனவே உங்கள் பாலிசியில் அதற்கென்று வேறு வீதமோ தனிக் கூடுதல் காப்போ எழுதப்படாதவரை, அந்தத் தொகுதிக்கும் 50 சதவீதம் பொருத்தப்படும் அபாயம் இருக்கிறது. 6 லட்சம் ரூபாய்த் தொகுதி என்றால் 3 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். மின்சாரக் கார் வைத்திருப்பவர் புதுப்பிக்கும் நேரத்தில் முதலில் படிக்க வேண்டிய வரி இதுதான். தேய்மான வெட்டை நீக்கும் கூடுதல் காப்பான ஜீரோ டெப் இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசைப் பேட்டரி அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

ஹெட்லைட்டில் கண்ணாடிதானே இருக்கிறது? அதையும் பிளாஸ்டிக் என்று போட்டுவிட்டார்கள்.

இன்றைய ஹெட்லைட்டின் முன்மூடி கண்ணாடி போலத் தெரியுமே தவிர, அது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். விரலால் தட்டிப் பார்த்தால் ஓசையே சொல்லிவிடும். பின்பக்க உறையும் பிளாஸ்டிக். எனவே 50 சதவீதம் பிடிப்பது விதிப்படி சரி. மிகப் பழைய மாடல்களில்தான் உண்மையான கண்ணாடி முன்மூடி இருந்தது.

உண்மையான தகராறு வருவது பல பொருள்கள் கலந்த பாகங்களில். ரேடியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி அலுமினியம், இரு பக்கத் தொட்டிகளும் பிளாஸ்டிக். ஒரே பாக எண், ஒரே விலை. கலப்புப் பாகத்தை எப்படிப் பிரிப்பது என்று அட்டவணை எதுவும் சொல்லவில்லை, சர்வேயரின் தீர்ப்புதான். பாகத்தின் வேலையையும் விலையையும் தாங்குவது அலுமினியப் பகுதி என்பதால் உலோகத்துக்கான வீதமே நியாயம் என்பது என் கருத்து. மூன்றரை வயது வண்டியில் இந்த ஒரு முடிவு 25 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையிலான வித்தியாசம். வயரிங் தொகுப்பும் இப்படித்தான்: உள்ளே செம்பு, மேலே பிளாஸ்டிக் உறை. உறையைப் பார்த்து மொத்தத்தையும் பாதியாக்கியிருந்தால் காரணம் கேட்கலாம்.

பக்கவாட்டு ரியர்வியூ மிரரில் வேறொரு வழி இருக்கிறது. உடைந்தது கண்ணாடித் தகடு மட்டும் என்றால், பல மாடல்களில் அந்தத் தகடு தனிப் பாக எண்ணில் கிடைக்கிறது. அதற்குத் தேய்மானமே இல்லை. ஒர்க்‌ஷாப் மொத்த அசெம்ப்ளியாக எழுதிவிட்டால் அது பிளாஸ்டிக் கணக்கில் போய்ப் பாதியாகிவிடும்.

ஐயமான பாகம் எதனால் ஆனது என்பதை அறிய, கழற்றிய பழைய பாகத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் பாகங்களில் அந்தப் பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கும் சிறு எழுத்துகள் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். அந்தக் குறி இருந்தால் வாதத்துக்கு இடமில்லை.

ஒரு முழு பில்லில் இந்த வெட்டுகள் எப்படி விழுகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

1,197 சி.சி. பெட்ரோல் கார், பதிவாகி 3 ஆண்டு 4 மாதம். சாலைத் தடுப்பில் இடப்பக்க முன்மூலை மோதியது என்று கொள்வோம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, வரி சேர்க்காதவை.

முன் பம்பர் 6,000, ஹெட்லைட் 7,000, சக்கர உள்மறைப்பு 1,000, பேட்டரி 5,000, டயர் 5,000. இந்த ஐந்தும் 50 சதவீத வகை. மொத்தம் 24,000 ரூபாய், வெட்டு 12,000. உலோகத்தில் ஃபெண்டர் 4,000, இரும்பு ரிம் 2,000; மூன்று ஆண்டைத் தாண்டி நான்குக்குள் இருப்பதால் 25 சதவீதம், வெட்டு 1,500. ஆகப் பாகங்களின் விலை 30,000, வெட்டு 13,500, அனுமதி 16,500.

கழற்றிப் பொருத்தும் கூலி 4,000. கூலிக்குத் தேய்மானம் கிடையாது, முழுதும் அனுமதி. பெயிண்ட் வேலைக்குப் பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகையாக 8,000 என்று பில் வந்திருக்கிறது. இப்படி ஒட்டுமொத்தமாக வந்தால் அதில் 25 சதவீதத்தைப் பெயிண்ட் பொருளின் விலையாகக் கொண்டு, அதற்கு மட்டும் 50 சதவீதம் பிடிக்க வேண்டும். 8,000-ல் 25 சதவீதம் 2,000. அதில் பாதி 1,000. அனுமதி 7,000. இங்கே 8,000-க்கும் பாதி பிடித்து 4,000 என்று போட்டிருந்தால் அது பிழை. இந்தப் பிழை அரிதல்ல.

அனுமதித்த 16,500, 4,000, 7,000 மூன்றும் சேர்ந்து 27,500. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 32,450. இதிலிருந்து, உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போகும்; 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000. இது ஒரு க்ளைமுக்கு ஒருமுறைதான், பாகத்துக்கு ஒருமுறை அல்ல. பிறகு பழைய பாகங்களின் கழிவு மதிப்பு 800 என்று கழித்தால் நிறுவனம் தருவது 30,650. ஒர்க்‌ஷாப்பின் மொத்த பில் 42,000, வரியோடு 49,560. வித்தியாசமான 18,910 ரூபாயை வண்டிக்காரர் கட்டுகிறார்.

இதே மோதல் வண்டி ஐந்து மாதமாக இருந்தபோது நடந்திருந்தால் உலோகத்துக்கு வெட்டே இல்லை. அப்போதும் அவர் 17,140 கட்டியிருப்பார். ஒன்பதாவது ஆண்டில் நடந்திருந்தால் உலோகத்துக்கு 40 சதவீதம், அப்போது 19,972. புது வண்டிக்கும் ஒன்பது வயது வண்டிக்கும் இடையே மூவாயிரத்துக்கும் குறைவான வித்தியாசம்தான். வண்டியின் வயதைவிட, எந்தப் பாகம் உடைந்தது என்பதே பில்லைத் தீர்மானிக்கிறது.

கழிவு மதிப்பு பற்றி ஒரு சொல். பேட்டரியில் ஈயம் இருப்பதால் பழைய பேட்டரிக்கும் விலை உண்டு. அதன் பாதி விலையை நீங்களே சுமக்கும்போது, பழையதன் மதிப்பை முழுதாக உங்களிடமிருந்து பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப் பிடித்தால், பழைய பாகத்தை எடுத்துச் செல்ல அனுமதி கேளுங்கள்.

ஜீரோ டெப் எடுத்தும் டயருக்கும் பேட்டரிக்கும் வெட்டிவிட்டார்கள். ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை, ஆனால் விற்றவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். பல நிறுவனங்களின் ஜீரோ டெப் வாசகத்தில், தேய்மானம் பிடிக்கப்படாத பாகங்களின் பட்டியலிலிருந்து டயர், டியூப், பேட்டரி ஆகியவை வெளியே வைக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக், ரப்பர், ஃபைபர் ஆகியவற்றின் வெட்டு நீங்கும். டயர், டியூப், பேட்டரியின் வெட்டு அப்படியே நிற்கும். மேலே போட்ட கணக்கில் இத்தகைய காப்பு இருந்து, பெயிண்ட் வெட்டும் நீங்குவதாகக் கொண்டால், மிஞ்சும் தேய்மானம் 5,000 மட்டும். வரியோடு 5,900, கட்டாயக் கழிவு 1,000, கழிவு மதிப்பு 800. ஆக 7,700 ரூபாய். முன்பு கட்டிய 18,910-ஐவிட 11,210 குறைவு.

இன்னொன்றையும் பாருங்கள். பாலிசி ஆண்டில் இத்தனை க்ளைமுக்குத்தான் ஜீரோ டெப் என்று எண்ணிக்கை வரம்பு வைக்கும் காப்புகள் உண்டு; இரண்டு என்பது வழக்கமான எண். சிறிய கீறலுக்கெல்லாம் அதைச் செலவழித்துவிட்டால், உண்மையான மோதல் வரும்போது பழைய 50 சதவீதமே திரும்பி வந்து நிற்கும்.

பம்பர் ஓரத்தில் மட்டும் கிழிந்திருக்கிறது. புதிதாக மாற்றினால்தானே எனக்கு லாபம்?

ஜீரோ டெப் இல்லாதவருக்கு அப்படியில்லை. தேய்மானம் என்பது மாற்றப்படும் பாகத்தின் விலைக்கு மட்டுமே. கிழிசலைப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து சரிப்படுத்தினால் அது கூலி. கூலிக்கு வெட்டு இல்லை. 6,000 ரூபாய் பம்பரை மாற்றினால் 3,000 உங்கள் பங்கு. 1,500 ரூபாயில் ஒட்டவைத்தால், பெயிண்ட் பொருளுக்கான சிறு வெட்டையும், எப்படியும் போகும் கட்டாயக் கழிவையும் தவிர உங்கள் பங்கு எதுவுமில்லை. ஆனால் பம்பரைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கிகள் உடைந்திருந்தால் ஒட்டுவது நிற்காது. சில மாதங்களில் ஓரம் தொங்கத் தொடங்கும். கொக்கிகள் முழுதாக இருக்கின்றனவா என்று கழற்றிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

வண்டி ரிப்பேர் பண்ண முடியாத அளவுக்குப் போய்விட்டால் டயருக்கும் பேட்டரிக்கும் தனியாகப் பிடிப்பார்களா?

பிடிக்கக் கூடாது. முழு இழப்பாக ஏற்றுக்கொண்டால் ஐ.டி.வி.தான் தொகை, பாகவாரித் தேய்மானம் அதில் நுழைவதில்லை. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அந்தச் செலவு ‘பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ கணக்கிடப்பட வேண்டும் என்று வாசகம் சொல்வதால், தேய்மானம் கழித்த தொகையை வைத்தே 75 சதவீதத்தை அளக்கிறார்கள். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் ஐ.டி.வி.யில் 90 சதவீதம் என்று காட்டியும் முழு இழப்பு என்று ஏற்கப்படாததற்கு, அதில் பாதி பாகங்கள் 50 சதவீத வகையாக இருப்பது காரணமாகலாம்.

மதிப்பீட்டில் தவறு இருப்பதாகத் தோன்றினால் என்ன கேட்க வேண்டும்?

மொத்தத் தொகையைச் சொல்லும் கடிதத்தோடு நிறுத்திவிடாமல், சர்வே அறிக்கையின் பாகவாரித் தாளைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே எஸ்டிமேட் விலை, எந்த வகை, எத்தனை சதவீதம், அனுமதித்த தொகை என்று நிரல்கள் இருக்கும். அதை ஒர்க்‌ஷாப் பில்லின் பக்கத்தில் வைத்து, முதலில் வகை நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். ரிம், ரேடியேட்டர், வயரிங், ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி ஆகியவை பிளாஸ்டிக் வகைக்குள் தவறிப் போயிருக்கும் சாத்தியம் அதிகம். ஏர்பேக்குக்கு 50 சதவீதம் சரி. அதைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கு வயதுப்படி வீதம்.

அடுத்து வண்டியின் வயதைப் பாருங்கள். எண்ண வேண்டியது விபத்து நடந்த நாள் வரை. பில் போட்ட நாள் வரை அல்ல. 2 ஆண்டு 11 மாதத்தில் மோதிய வண்டிக்கு, பாகம் வந்துசேரத் தாமதமாகி 3 ஆண்டைத் தாண்டிவிட்டது என்று 15-க்குப் பதில் 25 சதவீதம் போட்டுவிட்டால், உலோகப் பாகங்கள் அனைத்திலும் பத்துப் பத்து சதவீதமாகப் போய்விடும்.

தவறு கண்டால், எந்தப் பாகம், எந்த வகையில் போடப்பட்டிருக்கிறது, எந்த வகையில் போட்டிருக்க வேண்டும், வித்தியாசம் எத்தனை ரூபாய் என்று பாகத்துக்கு ஒரு வரியாக எழுதி, பழைய பாகத்தின் படத்தோடு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பழைய பாகங்களை ஒர்க்‌ஷாப் எடைக்குப் போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். போட்டுவிட்டால் ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம்தான் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.